கிளாம்ப் திறந்த பிறகு

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஷெட்டுகள் வரிசையாக நிற்கும். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் தினமும் இங்கிருந்து ட்ராலி ட்ராலியாகச் சரக்கு போகிறது. அந்த ஷெட்டுகளின் சர்வர் அறைகளில்தான் என் பிழைப்பு. லைனில் ஓடும் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில்.

பாங்கியிலோ கடையிலோ டேட்டாபேஸ் பார்ப்பவருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் டேட்டாபேஸ் 'பதிந்தாயிற்று' என்று சொன்னதும் ஒரு இயந்திரம் அசைகிறது. அலுமினிய வார்ப்பு ஒன்றுக்கு லீக் டெஸ்ட் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தைக் கிளாம்ப் இறுகப் பிடிக்கிறது. உள்ளே காற்றை ஏற்றி அடைத்து, சில விநாடிகளில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று டெஸ்டர் அளக்கிறது. அளவு பிஎல்சிக்கும், அங்கிருந்து ஒரு சிறிய புரோகிராம் வழியாக டேட்டாபேஸுக்கும் போகிறது. டேட்டாபேஸ் ஒரு வரிசை எண்ணைக் கொடுத்து, முடிவைப் பதிந்து, கமிட் ஆயிற்று என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் லேசர் அந்த எண்ணைப் பாகத்தின் மேல் பொறிக்கிறது, கிளாம்ப் திறக்கிறது, ஆப்பரேட்டர் பாகத்தை எடுத்து ட்ராலியில் வைக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பதிவு காணாமல் போனால், உலோகத்தில் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணுக்கு உரிய சோதனை எங்கும் இருக்காது. வண்டிப் பாகம் செய்பவர்கள் கைக்கொள்ளும் ஐஏடிஎஃப் 16949 தரநெறி, பாகத்தை அதன் வரலாற்றோடு இணைத்துக் காட்டச் சொல்கிறது. அந்த இணைப்புதான் அறுந்துபோகிறது.

நான் சொல்லப்போகும் ஷெட்டின் பெயர் வேண்டாம். அங்கே நான்கு லீக் டெஸ்ட் ஸ்டேஷன்கள், ஒரு சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சைக்கிள் டைம் 22 விநாடி. சுமார் ஐந்தரை விநாடிக்கு ஒரு பாகம் லைனிலிருந்து இறங்கும்.

ஒரு மழை மாலையில் ஈபி போனது. டிஜி எடுத்துக்கொள்ளும் சில விநாடிகளை யுபிஎஸ் தாங்க வேண்டும். பேட்டரி பழசு, தாங்கவில்லை. சர்வர் அணைந்து, டிஜி கரண்டு வந்ததும் தானே எழுந்தது. டேட்டாபேஸும் தானே எழுந்தது. அதன் லாக்கில் இருந்த வரிகள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பவைதான்:

```
LOG:  database system was not properly shut down; automatic recovery in progress
LOG:  redo starts at ...
LOG:  redo done at ...
LOG:  database system is ready to accept connections
```

லைன் ஓடத் தொடங்கியது. எவருக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. எழுவதற்கு அறிகுறி எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து க்வாலிட்டி இன்சார்ஜ் எனக்குப் போன் செய்தார். "சார், கஸ்டமர் லைன்ல ஒரு பீஸை ஸ்கேன் பண்ணா, இந்த நம்பர் ஏற்கெனவே ஒரு வண்டில ஏறிடுச்சுன்னு சொல்லுதாம். லேசர் ரெண்டு தடவ அடிச்சிருக்கும்னு இங்க சொல்றாங்க. டேட்டாவ ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்."

லேசர் மேல் பழி விழுவது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் எண்ணைப் பொறித்தது அதுதானே. நான் முதலில் பார்த்தது, கரண்டு போன நேரத்தை ஒட்டிய வரிசை எண்களை. 18:41:07-க்கு 48216. அடுத்த பதிவு கரண்டு வந்த பிறகு, 18:58-க்கு 48217. இடையில் ஒரு எண்கூட விடுபடவில்லை. பார்ப்பவருக்கு அது நிம்மதி தரும். எனக்கு அதுதான் இடறியது.

காரணத்தைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் ஒவ்வொரு எண்ணைக் கொடுக்கும்போதும் மீட்பு லாக்கில் எழுதுவதில்லை. 32 எண்களை முன்கூட்டியே 'கொடுத்தாயிற்று' என்று ஒரே தடவையில் எழுதிவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுக்கும். நடுவில் சர்வர் விழுந்தால், எழுந்த பிறகு லாக்கில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அடுத்ததிலிருந்துதான் ஆரம்பிக்கும். கொடுக்காமல் மிஞ்சியவை வீணாகிவிடும். ஆகவே திடீரென்று விழுந்து எழுந்த டேட்டாபேஸில் எண்கள் கொஞ்சம் தாவியிருப்பதே ஆரோக்கியம். இடைவெளியே இல்லாமல் தொடர்வது, சரியாக 32-இன் எல்லையில் சர்வர் விழுந்திருந்தால் மட்டுமே நேர்மையாக நடக்கக்கூடியது. இன்னொரு வழியும் உண்டு: அடுத்த 32-க்கான லாக் பதிவு எழுதப்பட்டு, அந்தப் பதிவே வட்டுக்குப் போகாமல் காணாமல் போயிருக்கலாம். அப்படிப் போனால் சீக்வென்ஸ் பின்னால் போய் நிற்கும். கொடுத்த எண்ணையே திரும்பக் கொடுக்கும்.

லேசர் பொறிக்கும் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பொறித்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும். அதைத் திறந்தோம். 18:41:12 முதல் 18:41:34 வரை 48217, 48218, 48219, 48220, 48221 என்று ஐந்து எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 18:41:36-க்குக் கரண்டு போயிருக்கிறது. டேட்டாபேஸுக்கு அந்த ஐந்தும் தெரியாது. 18:58-க்கு மேல் அதே ஐந்து எண்களை வேறு ஐந்து பாகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எண் திரும்ப வரக் கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு டேபிளில் இருந்தது. பழைய பதிவுகளே இல்லாதபோது அது எதைத் தடுக்கும்?

கமிட் ஆயிற்று என்று பதில் வாங்கிய 29 விநாடி வேலை காணவில்லை. போஸ்ட்கிரெஸில் இப்படி நடக்க வேண்டுமென்றால் காரணங்கள் மிகக் குறைவு. முதல் காரணத்தைக் கேட்க ஒரு வரி போதும்:

```
SHOW fsync;
```

பதில் `off`. அமைப்பு ஃபைலில் அந்த வரிக்குப் பக்கத்தில், 'லைன் ஸ்லோ, தற்காலிகம்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. ஃபைலின் தேதி எட்டு மாதம் பழசு.

இங்கே வட்டுக்கு எழுதுவது எப்படி நடக்கிறது என்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதினால் அது வட்டுக்குப் போவதில்லை. லினக்ஸின் நினைவகத்தில் போய் உட்கார்கிறது. மாறிய பக்கங்களை 5 விநாடிக்கு ஒரு முறை லினக்ஸ் எட்டிப் பார்க்கும்; 30 விநாடிக்கு மேல் பழசானவற்றை வட்டுக்குத் தள்ளும். சாதாரண அமைப்பில் இவைதான் அளவுகள். அதற்குள் கரண்டு போனால் எழுதியது போனதுதான். இதனால்தான் டேட்டாபேஸ் கமிட்டுக்குப் பதில் சொல்லும் முன், 'இதை வட்டில் இறக்கிவிட்டு வந்து சொல்' என்று லினக்ஸைக் கேட்டுக் காத்திருக்கிறது. அந்தக் கேள்விதான் `fsync`. டேட்டாபேஸ் எல்லா டேபிள்களையும் அப்போதைக்கப்போது இறக்குவதில்லை. என்ன மாறியது என்பதை மட்டும் வரிசையாக எழுதும் லாக்கை, `pg_wal` என்ற டைரக்டரியில் இருப்பதை, இறக்குகிறது. டேபிள் பக்கங்கள் பிறகு மெதுவாகப் போகலாம். சர்வர் விழுந்தால் லாக்கைத் திரும்ப ஓட்டி அவற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.

`fsync = off` என்றால் அந்தக் கேள்வியே கேட்கப்படுவதில்லை. லாக்கை லினக்ஸின் கையில் கொடுத்ததுமே 'பதிந்தாயிற்று' என்று பதில் போய்விடுகிறது. ஷெட்டில் காணாமல் போன 29 விநாடியும் லினக்ஸின் அந்த 30 விநாடிக் காத்திருப்புக்குள் அடங்கிப்போகிறது.

ஐந்து பாகம்தானே, எடுத்து மறுபடி சோதித்தால் போயிற்று என்று இன்சார்ஜுக்குத் தோன்றியது. நான் அவரிடம் அவசரப்பட வேண்டாம் என்றேன். `fsync` இல்லாத டேட்டாபேஸில் கடைசி அரை நிமிடம் போவது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கும், அது தானாக வெளியே வராது.

டேட்டாபேஸ் சில நிமிடங்களுக்கு ஒரு முறை செக்பாயின்ட் போடும். அதுவரை மாறிய டேபிள் பக்கங்களையெல்லாம் எழுதி, `fsync` செய்து, அவை வட்டில் இறங்கியது உறுதியான பிறகே கட்டுப்பாட்டு ஃபைலில் 'இனிமேல் சர்வர் விழுந்தால் லாக்கை இந்த இடத்திலிருந்து ஓட்டினால் போதும்' என்று குறித்துக்கொள்ளும். முதலில் பக்கங்கள், பிறகு குறிப்பு. இந்த மாறாத வரிசையின் மேல்தான் மொத்த மீட்பும் நிற்கிறது. `fsync` இல்லாதபோது வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. லினக்ஸ் தனக்கு வசதியான ஒழுங்கில் எழுதும். குறிப்பு வட்டுக்குப் போய்விட்டு, பக்கங்களில் சில நினைவகத்திலேயே நின்றுவிடலாம். அந்த நேரத்தில் கரண்டு போனால், எழுந்த டேட்டாபேஸ் குறிப்பை நம்பும். குறிப்புக்கு முந்தைய லாக்கை அது திரும்பிப் பார்க்காது. போகாத பக்கங்கள் போகாதவையாகவே இருந்துவிடும்.

அன்று நடந்தது அதுதான். கரண்டு போவதற்கு ஒரு நிமிடத்துக்குள்தான் ஒரு செக்பாயின்ட் முடிந்திருந்தது. வட்டு மெதுவாக இருந்ததால் எழுத வேண்டியவை வரிசையில் காத்திருந்தன. முடிவு டேபிள் தப்பித்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் அழுத்தம் இறங்கிய வளைவை 200 அளவுகளாக வைத்திருக்கும் இன்னொரு டேபிள் தப்பவில்லை. அதன் சில பக்கங்கள் வட்டில் வெறுமையாக இருந்தன. அவற்றைக் காட்டும் இண்டெக்ஸ் பக்கங்களோ வட்டுக்குப் போய்விட்டன. அதாவது, இண்டெக்ஸ் 'இந்தப் பாகத்தின் அளவு இன்ன பக்கத்தில், இத்தனையாவது இடத்தில்' என்று சொல்லும். அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்த இரண்டு நாளில் டேட்டாபேஸ் அந்த வெற்றுப் பக்கங்களைக் காலி இடம் என்று எடுத்துக்கொண்டு புதுப் பாகங்களின் அளவுகளை அங்கே எழுதியிருந்தது.

48160-ஆம் பாகத்தின் வளைவைக் கேட்டோம். அளவுகள் வந்தன. அவற்றின் பக்கத்தில் இருந்த பாக எண் 48160 இல்லை. இரண்டு நாள் கழித்துச் சோதிக்கப்பட்ட வேறொரு பாகத்தின் எண். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை; கேட்ட கேள்விக்குத் தவறான விடை, நேர்த்தியாக வந்தது. இந்தத் தொழிலில் நான் பார்த்தவற்றில் இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறில்லை. ஒரு வாடிக்கையாளர் 'இந்தப் பாகம் ஒழுகுகிறது, அதன் சோதனையைக் காட்டு' என்று கேட்டிருந்தால், நாங்கள் இன்னொரு பாகத்தின் நல்ல வளைவை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, நம்பிக்கையோடு கொடுத்திருப்போம்.

`PANIC: could not locate a valid checkpoint record` என்று சொல்லி எழ மறுக்கும் டேட்டாபேஸை எல்லாரும் பயந்து பார்ப்பார்கள். எழாத டேட்டாபேஸ் உடைந்திருப்பதையாவது சொல்கிறது. எழுந்து ஓடுவதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். இரவு எடுக்கும் `pg_dump` கூட இதைக் காட்டிக்கொடுக்காது. அது டேபிளை முதலிலிருந்து கடைசிவரை நேராகப் படிக்கும், இண்டெக்ஸைத் தொடாது, ஆகவே பிழையில்லாமல் முடியும். டேபிள்களிலும் இண்டெக்ஸ்களிலும் சிதைவு உண்டா என்று தேடத் தனிக் கருவி வேண்டும். போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து `pg_amcheck` அதற்கென்றே வருகிறது.

மீட்பில் முதல் வேலை, எதையும் சரிசெய்யாமல் இருப்பது. டேட்டாபேஸை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை அப்படியே வேறு வட்டுக்குப் பிரதி எடுத்தோம். லாக்கை அழித்துப் புதிதாக்கும் `pg_resetwal` போன்றவற்றை இந்தப் பிரதி இல்லாமல் தொட்டால், கிடைக்கக்கூடியதும் போய்விடும். பிறகு டேபிள்களை `pg_dump` மூலம் நேராகப் படித்து எடுத்து, புதிதாகத் தொடங்கிய ஒரு டேட்டாபேஸில் ஏற்றினோம். இண்டெக்ஸ்கள் அங்கே புதிதாகக் கட்டப்பட்டன; பொய் சொல்லும் முகவரிகள் ஒழிந்தன. வளைவுகள் போன பாகங்களுக்கு வளைவு போனதுதான். அவற்றின் பாஸ்-ஃபெயில் முடிவு மட்டும் முடிவு டேபிளில் இருந்தது. அதை மறைக்காமல் ஒரு பட்டியலாக எழுதி க்வாலிட்டி ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

ஒரே எண்ணை இருவர் பகிர்ந்த பாகங்கள், இரண்டு தடவை பொறிக்கப்பட்ட ஐந்து எண்களுக்குப் பத்து. ஐந்து கரண்டு போவதற்கு முன், ஐந்து பின். லீக் டெஸ்டர் தன் உள் நினைவகத்தில் கடைசிச் சோதனைகளை வைத்திருந்தது; அதில் வரிசை எண் இல்லை, நேரமும் அளவும் உண்டு. லேசரின் டெக்ஸ்ட் ஃபைலில் எண்ணும் நேரமும் உண்டு, அளவு இல்லை. இரண்டையும் நேரம் வைத்துப் பொருத்தினோம். பத்துமே பாஸ் ஆனவை. ஒன்று வண்டியில் ஏறிவிட்டது. மற்ற ஒன்பதையும் ட்ராலிகளை ஹோல்டு போட்டுத் தேடி எடுத்து, மறுபடி சோதித்து, புது எண் பொறித்து அனுப்பினார்கள். டெஸ்டரும் லேசரும் தங்களுக்கென்று எழுதிவைத்திருக்காவிட்டால் அந்த ஒரு வண்டியைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அந்த வரியை ஏன் மாற்றினார்கள்? மாற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைன் திடீரென்று மெதுவாகிவிட்டது. சைக்கிள் டைம் 22-இலிருந்து 24 விநாடிக்கு மேல் போனது. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஷிப்ட்டில் நூறு பாகத்துக்கு மேல் குறையும். பின்னால் நின்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேகத்துக்கு என்ன செய்யலாம் என்று தேடுகிறவர் கண்ணில் `fsync` சீக்கிரமே படும். அதை மாற்ற டேட்டாபேஸை நிறுத்தக்கூட வேண்டாம், அமைப்பைத் திரும்பப் படிக்கச் சொன்னால் போதும். மாற்றினார், லைன் பழைய வேகத்துக்கு வந்தது, எல்லாரும் நன்றி சொன்னார்கள். மொத்த டேட்டாபேஸையும் வெளியிலிருந்து எளிதாகத் திரும்ப உருவாக்க முடிந்தால் மட்டுமே இதை அணைக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. அழுத்தத்தில் இருக்கிறவர் அந்த வாக்கியம் வரை படிப்பதில்லை.

மெதுவானதன் காரணத்தை அன்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் `pg_test_fsync` ஓட்டினோம். முக்கியமான வரி இது:

```
fdatasync    88.3 ops/sec   11325 usecs/op
```

வட்டுகள் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுபவை. விநாடிக்கு 120 சுற்று. ஒரே இடத்தில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றும் இறங்கும்வரை காத்திருந்தால், சுற்றுக்கு ஒரு தடவைக்கு மேல் முடியாது. ஆகவே 88 என்பது அந்த வட்டின் உண்மையான திறன். அப்படியானால் முன்பு எப்படி வேகமாக இருந்தது? ரெய்டு கார்டில் பேட்டரியோடு கூடிய நினைவகம் இருந்தது. எழுதுவது அந்த நினைவகத்தில் விழுந்ததும் கார்டு 'இறங்கியது' என்று சொல்லும். கரண்டு போனாலும் பேட்டரி அதைக் காப்பாற்றிவைக்கும். அது நியாயமான வேகம். பேட்டரி செத்தது. செத்ததும் கார்டு தன் கடமையைச் செய்து, நினைவகத்தை நம்புவதை நிறுத்தி, ஒவ்வொன்றையும் நேராக வட்டுக்கே எழுதத் தொடங்கியது. கார்டின் லாக்கில் அந்தத் தேதியோடு பதிவு இருந்தது. லைன் மெதுவானதும் அதே தேதியில்தான். ஒரு பேட்டரி மாற்ற வேண்டிய இடத்தில் டேட்டாபேஸின் அடித்தளம் கழற்றப்பட்டிருக்கிறது.

பேட்டரி இல்லாமலும்கூட அந்த லைன் ஓடியிருக்கும் என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. ஒரு கமிட்டுக்கு 11 மில்லி விநாடி என்பது 22 விநாடி சைக்கிளில் ஒன்றுமே இல்லை. கோளாறு புரோகிராமில் இருந்தது. வளைவின் 200 அளவுகளையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டாக அது எழுதியது. 200-ஐ 11-ஆல் பெருக்கினால் 2.2 விநாடி. சைக்கிளில் கூடிய நேரம் அதேதான். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் போட்டால் இருநூறு காத்திருப்பு ஒன்றாகிறது. புரோகிராம் எழுதிய தம்பி அன்று மாலையே மாற்றிக் கொடுத்தார். `BEGIN` மேலே, `COMMIT` கீழே, நடுவில் மற்றதெல்லாம் அப்படியே.

இங்கே `synchronous_commit` பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். 2008-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.3-இலிருந்து அது இருக்கிறது. அதை `off` செய்தால், வட்டுக்குக் காத்திருக்காமல் கமிட்டுக்குப் பதில் வந்துவிடும். பின்னணியில் ஓடும் வால்-ரைட்டர் சற்று நேரத்தில் லாக்கை முறையாக `fsync` செய்து இறக்கும். அதன் தாமதம் சாதாரணமாக 200 மில்லி விநாடி. விழுந்தால் அதிகபட்சம் அதன் மூன்று மடங்கு, அதாவது 0.6 விநாடி வேலை போகலாம். செக்பாயின்ட்டின் வரிசை குலையாது. இண்டெக்ஸ் பொய் சொல்லாது. கடைசிச் சில டிரான்சாக்ஷன்கள் நடக்கவேயில்லை என்பதுபோல் டேட்டாபேஸ் ஒழுங்காக எழும். எட்டு மாதத்துக்கு முன் இதை மாற்றியிருந்தால் ஐந்து பாகத்துக்குப் பதில் அதிகம் போனால் ஒன்று போயிருக்கும், வளைவு டேபிள் கெட்டிருக்காது.

அந்த ஒன்றும் எனக்கு ஒப்பாது. கிளாம்ப் திறக்கிற கமிட்டுக்கு அரை விநாடி சலுகைகூடக் கொடுக்கக் கூடாது. ஆனால் இது மொத்த சர்வருக்கும் ஒரே முடிவாக எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தனியாக வைக்கலாம்:

```
BEGIN;
SET LOCAL synchronous_commit TO off;
-- வளைவின் அளவுகள்
COMMIT;
```

லாக் ஒரே வரிசையாக எழுதப்படுவது என்பதால், இதற்குப் பின் முடிவு டேபிளுக்கு வரும் சாதாரணக் கமிட் தனக்கு முன்னால் இருக்கும் வளைவுகளையும் சேர்த்தே வட்டில் இறக்கிவிடும். மெஷின் வெப்பநிலை, மோட்டார் அதிர்வு என்று விநாடிக்கு விநாடி வந்து குவியும் அளவுகளுக்கு இந்தச் சலுகையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு அளவு போனால் அடுத்தது வருகிறது. லேசரையும் கிளாம்ப்பையும் அசைக்கிற பதிவுக்கு மட்டும் கூடாது.

`fsync`-ஐத் திரும்ப `on` செய்வதிலும் ஒரு கண்ணி உண்டு. மாற்றிய நொடியில் அதற்கு முன் எழுதியவை வட்டில் இறங்கிவிடுவதில்லை. அவை இன்னும் லினக்ஸின் நினைவகத்தில் காத்திருக்கலாம். `sync` கட்டளையை ஓட்டி அவற்றை இறக்கிய பிறகுதான் டேட்டாபேஸைப் பத்திரம் என்று சொல்லலாம்.

டேட்டாபேஸ் ஒழுங்காகக் கேட்டாலும் கீழே இருக்கும் வட்டு பொய் சொல்லும் சாத்தியமும் இருக்கிறது. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு டேட்டா சென்டரில் கரண்டு போனபோது, லைவ்ஜர்னல் என்ற பெரிய தளத்தின் டேட்டாபேஸ்கள் பல கெட்டுப்போயின. எழுதாததை எழுதியதாகச் சொன்ன வட்டு அமைப்புகளே காரணம் என்று கண்ட அதன் நிறுவனர் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், வட்டின் நேர்மையைச் சோதிக்க `diskchecker.pl` என்ற சிறு புரோகிராமை எழுதி வெளியிட்டார். பேட்டரியோ மின்தேக்கியோ இல்லாத 7200 சுற்று வட்டு ஒன்று `pg_test_fsync`-இல் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் காட்டினால், மகிழ வேண்டாம். அது சுற்றக்கூடிய வேகத்தைவிட அதிகமாக எழுத முடியாது. மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிகள் அந்த வேகத்தை உண்மையாகவே தரும், அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பகுதியில் லைன் சர்வர் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ஷிப்ட் முடிவதற்குள் இந்தக் கேள்வியை ஓட்டிப் பாருங்கள்:

```
SELECT name, setting, sourcefile FROM pg_settings
WHERE name IN ('fsync', 'synchronous_commit', 'full_page_writes');
```

மூன்றும் `on` என்று வர வேண்டும். லைன் புரோகிராம் எந்த லாகின் மூலம் நுழைகிறதோ அதே லாகினிலும் `SHOW synchronous_commit;` கேளுங்கள். ஒரு லாகினுக்கு மட்டும் அதை அணைத்துவைக்க முடியும், அது அமைப்பு ஃபைலில் தெரியாது. `fsync` அணைந்திருந்தால், அதை ஏற்றுவதற்கு முன் மெதுவானதற்கான பழைய காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ரெய்டு பேட்டரியிலோ, பாகத்துக்கு நூறு கமிட் போடும் புரோகிராமிலோ இருக்கும்.

புது சர்வர் வாங்கும்போது, லைனில் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனையை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் எழுதுங்கள். சர்வரில் எண்களை ஒவ்வொன்றாகக் கமிட் செய்யும் சிறு புரோகிராமை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டி, பதில் வந்த எண்களை அங்கேயே திரையில் காட்டச் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் பவர் வயரைப் பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸின் வயரை அல்ல, சர்வரின் பின்புறம் உள்ளதை, இரண்டு சப்ளை இருந்தால் இரண்டையும். எழுந்த பிறகு டேபிளில் உள்ள கடைசி எண், திரையில் உள்ள கடைசி எண்ணுக்குச் சமமாகவோ ஒன்று கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த சர்வரை வாங்காதீர்கள்.